முதல் காருக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? வழுக்கல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: ஓட்டுநர் உரிமம் கிடைத்து நான்கு மாதம்தான் ஆகிறது. முதல் கார் வாங்கப் போகிறேன். அலுவலகத்துக்கு நகர நெரிசலில் 12 கிலோமீட்டர். போக 50 நிமிடம், வரவும் அதே அளவு. வழியில் இரண்டு மேம்பாலங்கள், அலுவலகத்தில் அடித்தள நிறுத்துமிடம். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? விலை, கட்டுப்பாடு, பராமரிப்பு மூன்றையும் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் பாதைக்கு, எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் அல்லது கப்பியும் பட்டையும் கொண்ட சிவிடி பொருத்தமானது. அந்த விலை எட்டாது என்றால் மேனுவலே வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் மலிவாகக் கிடைக்கும், மேனுவல் கியர்பாக்ஸைக் கணினி இயக்கும் ஏஎம்டி வகையை மட்டும், கீழே சொல்லப்போகும் காரணத்தைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். கிளட்ச் பெடல் இல்லாத கார்களையெல்லாம் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதால்தான் இந்தக் கேள்விக்குக் குழப்பமான பதில்கள் வருகின்றன. உள்ளே இருக்கும் பொறியமைப்பு ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானது. அதிலும் நெரிசலில் அவை நடந்துகொள்ளும் விதம் இன்னும் வேறானது.

அடிப்படையான ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் இன்ஜின், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுகள் சுற்றும். முதல் கியரில் இன்ஜின் ஏறத்தாழ 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 53 சுற்றுகள். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால், கார் நிமிடத்துக்கு 96 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கிளட்ச் முழுமையாகப் பிடித்திருக்கும் நிலையில் இதைவிட மெதுவாக அந்தக் காரால் செல்ல முடியாது; சென்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஆனால் நெரிசலில் முன்னால் இருக்கும் வண்டிகள் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டரில்தான் ஊர்கின்றன. இன்ஜின் சுற்றும் வேகத்துக்கும் சக்கரம் சுற்ற வேண்டிய வேகத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை ஏதாவது ஓர் உறுப்பு வழுக்கி ஈடுகட்டியாக வேண்டும். வழுக்கும் இடத்தில் வெப்பம் பிறக்கும். வெப்பம் பிறக்கும் இடத்தில் தேய்மானம் இருக்கும். எந்த உறுப்பு வழுக்குகிறது, அதன் வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்பதுதான் நகரத்துக்கான கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையான கேள்வி.

மேனுவலில் வழுக்குவது கிளட்ச் தட்டு. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும் இந்தத் தட்டின் இருபுறமும், பிரேக் ஷூவில் இருப்பது போன்ற உராய்வுப் பொருள் சிறு ஆணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். நாம் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்லும் நிலையில் தட்டு பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் நிற்கிறது. கார் கிளம்பும் இரண்டு மூன்று நொடிகளுக்கு இது இயல்பானதே. அதற்காகத்தான் அந்த உறுப்பு செய்யப்பட்டிருக்கிறது. சிக்கல், மேம்பாலத்தின் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரை நிறுத்தி வைக்கும் பழக்கத்தில் இருக்கிறது. 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாதாரண மேம்பாலத்தில், 1,100 கிலோ எடையுள்ள காரை அப்படி நிறுத்தி வைத்தால், கிளட்ச் தட்டில் ஏறத்தாழ 1,300 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகும். துணி தேய்க்கும் மின் இஸ்திரிப்பெட்டியை முழுச் சூட்டில், காற்றோட்டம் குறைந்த ஒரு இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடியதற்கு அது சமம். அரை நிமிடம் கழித்து வரும் கருகிய நாற்றம் உராய்வுப் பொருள் எரியத் தொடங்கிவிட்டதன் அறிகுறி.

டார்க் கன்வர்ட்டரில் இந்த வேலையை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால் மற்றொன்றும் அந்தக் காற்றில் மெல்லச் சுழலத் தொடங்குமல்லவா? அதே தத்துவத்தில், இன்ஜினோடு இணைந்த ஒரு சக்கரம் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் கியர்பாக்ஸோடு இணைந்த மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஊர்ந்து செல்லும் வேகத்தில் இரண்டையும் நேரடியாகப் பிணைக்கும் திடப்பொருள் எதுவும் இல்லை, எண்ணெய்தான் வழுக்குகிறது, சூடான எண்ணெய் குளிர்விப்பான் வழியே சென்று ஆறித் திரும்புகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் தானாக மெல்ல நகரும், மிதித்தால் நிற்கும், தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை. சிவிடியில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக, அகலம் மாறும் இரண்டு கப்பிகளும் அவற்றின் மீது ஓடும் எஃகுப் பட்டையும் இருக்கும் என்றாலும், பெரும்பாலான சிவிடிகளிலும் காரைக் கிளப்பும் உறுப்பு இதே டார்க் கன்வர்ட்டர்தான். ஆகவே ஊர்தல் என்ற ஒன்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குடும்பம்.

ஏஎம்டி அப்படியல்ல. அது மேனுவல் கியர்பாக்ஸேதான். அதே கிளட்ச் தட்டு, அதே பல்சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையைக் கணினி ஒன்றின் கட்டளைப்படி மின்மோட்டார்களோ எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தள்ளுகோல்களோ செய்கின்றன. பெடல் மறைந்துவிட்டதே தவிர, வழுக்கும் தட்டு மறையவில்லை. மணிக்கு 4 கிலோமீட்டரில் ஊரும்போது கணினி ஹாஃப் கிளட்ச்தான் போடுகிறது. பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடுவதோ, நிறுத்தி எடுக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தேவைக்கு மேல் மிதிப்பதோ அதனிடம் இல்லை என்பதால், புதிய ஓட்டுநரைவிட அது ஒழுங்காகச் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைத்தால், முன்பு சொன்ன அதே இஸ்திரிப்பெட்டிச் சூடு அங்கேயும் உண்டாகும். மேனுவலிலாவது காலில் ஓர் அதிர்வு தெரியும். ஏஎம்டியில் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

பல ஆண்டுகள் பணிமனையில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பிரித்தவன் என்ற முறையில், இதை ஒரு காரை வைத்துச் சொல்கிறேன். 22,000 கிலோமீட்டரே ஓடிய ஏஎம்டி கார் ஒன்று, 'சில நேரங்களில் கிளம்பவே மறுக்கிறது, கியர் எண் கண்சிமிட்டுகிறது' என்ற புகாரோடு வந்தது. பிரித்துப் பார்த்தால் தட்டில் உராய்வுப் பொருள் ஆணித்தலை வரை தேய்ந்திருந்தது. ஃபிளைவீலின் முகம் நீலம் பாரித்திருந்தது. எஃகு நீலமாவது கடுமையான சூட்டின் அடையாளம். உரிமையாளர் நிதானமானவர், காரை விரட்டி ஓட்டியவரும் இல்லை. அவருடைய அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில், தானியங்கிக் கதவு திறக்கும்வரை தினமும் இரண்டு முறை, ஏறக்குறைய 40 நொடிகள், ஆக்சிலரேட்டரால் காரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். 'ஆட்டோமேட்டிக்தானே, பார்த்துக்கொள்ளும்' என்று விற்பனையின்போது அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 40 நொடிகளில் பிரேக்கை மிதித்திருந்தால் அந்தத் தட்டு இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கும். உங்கள் கேள்வியில் மேம்பாலமும் அடித்தள நிறுத்துமிடமும் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கார்தான் நினைவுக்கு வந்தது.

இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி பற்றி ஒரு வரி போதும்: அதன் கிளட்ச்சுகள் எண்ணெயில் மூழ்கியவையா, உலர்ந்தவையா என்று கேளுங்கள், உலர்ந்தவை நீண்ட நேர ஊர்தலில் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியக்கூடியவை என்பதால், உங்கள் பயன்பாட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிச் செலவு. இதில் எல்லோரும் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். நெரிசலில் ஓடும் காருக்கு அது தவறான அளவுகோல். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர், ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்றால் 6,000 கிலோமீட்டர். ஆனால் நேரத்தைப் பார்த்தால் நாளொன்றுக்கு 100 நிமிடம், ஆண்டுக்கு ஏறக்குறைய 417 மணி நேரம். அதே 417 மணி நேரம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடியிருந்தால் கார் 25,000 கிலோமீட்டர் கடந்திருக்கும். இன்ஜின் எண்ணெயும் கியர்பாக்ஸ் எண்ணெயும் அந்த 417 மணி நேரமும் சூட்டில்தான் இருந்திருக்கின்றன. ஓடோமீட்டர் மட்டும் 6,000 என்று காட்டுகிறது. உங்களுடையது போன்ற ஒரு பாதையில் மேனுவல் கார் ஓட்டியபோது, கிளட்ச்சை மிதிக்கும் எண்ணிக்கையை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். 50 நிமிடத்தில் 180ஐத் தாண்டியது. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 360, ஆண்டுக்கு 90,000 முறை. கிளட்ச் தட்டின் ஆயுளை ஒரே எண்ணில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். நெடுஞ்சாலையில் 1,50,000 கிலோமீட்டரைத் தாண்டும் அதே தட்டு, நகரத்தில் புதிய ஓட்டுநர் கையில் 40,000 கிலோமீட்டரிலேயே முடிந்துபோவதுண்டு.

விலையை நூறு பங்காக வைத்துப் பேசினால் எளிது. ஒரு மாடலின் மேனுவல் காருக்கு 100 பங்கு கொடுக்கிறீர்கள் என்றால், அதே மாடலின் ஏஎம்டி பெரும்பாலும் சில பங்குகளே கூடுதலாக இருக்கும். டார்க் கன்வர்ட்டருக்கும் சிவிடிக்கும் 10 பங்குக்கும் மேல் கூடுதலாகக் கேட்பது வழக்கம். எட்டு ஆண்டுகள் வைத்திருப்பதாகக் கொண்டு, மேனுவலுக்கு ஒரு கிளட்ச் மாற்றம், புதிய ஓட்டுநர் என்பதால் ஒருவேளை இரண்டு, என்று எழுதிக்கொள்ளுங்கள். தட்டு, பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை விலக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே என்பதால், பேரிங்கை மட்டும் பழையதாக விட்டு மிச்சம் பிடிப்பது பின்னால் இரட்டைச் செலவாக முடியும். டார்க் கன்வர்ட்டருக்கும் சிவிடிக்கும் அதே காலத்தில் இரண்டு அல்லது மூன்று முறை கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும். இந்த இரண்டு வகைச் செலவுகளும் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடாது. ஆகவே ஆரம்பத்தில் கொடுத்த கூடுதல் விலையை ஆட்டோமேட்டிக் பராமரிப்பில் திருப்பித் தராது. விற்கும்போது அதில் ஒரு பகுதி மீளலாம், அவ்வளவுதான். பணம் ஒன்றே அளவுகோல் என்றால் மேனுவல்தான் மலிவு. அந்தக் கூடுதல் தொகையை, ஆண்டுக்கு 90,000 முறை மிதிக்காமல் இருப்பதற்கான விலை என்று நேர்மையாகக் கணக்கில் எழுதுவதே சரி. ஏஎம்டியின் நிலை சற்று சங்கடமானது: கிளட்ச் மாற்றும் செலவும் அதற்கு உண்டு, அதற்கு மேல் இயக்கும் மோட்டார்களும் கணினியும் பழுதாகும் வாய்ப்பும் உண்டு. கிளட்ச் மாற்றிய பிறகு, அது பிடிக்கும் இடத்தைக் கணினிக்குக் கருவி கொண்டு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதால், எல்லாப் பணிமனையிலும் அந்த வேலை நடக்காது.

எரிபொருளைப் பற்றிய பழைய பயத்தை ஓரளவு விட்டுவிடலாம். ஏஎம்டி மேனுவலுக்கு இணையாகவே குடிக்கும். சிவிடியும் இன்ஜினைச் சிக்கனமான சுற்றிலேயே வைத்திருக்க முயல்வதால் பெரிய வேறுபாடு இருக்காது. டார்க் கன்வர்ட்டர், நின்றும் கிளம்பியும் செல்லும் பாதையில் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். எண்ணெயில் வெப்பமாகக் கரையும் ஆற்றல் எரிபொருளிலிருந்துதானே வர வேண்டும்.

கட்டுப்பாடு என்று நீங்கள் கேட்டதை நான் இரண்டாகப் பிரிப்பேன். காரின் மீதான கட்டுப்பாடு ஒன்று. சாலையின் மீதான கவனம் மற்றொன்று. மேனுவலில் எந்தக் கியரில் செல்வது என்பது உங்கள் முடிவு. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜினே காரின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும். முந்திச் செல்லும் முன் கியரைக் குறைத்துத் தயாராக இருக்கலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் உங்கள் பாதையின் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே முந்துவதற்கான கியர் தேர்வைவிட, இடதுபுறத்திலிருந்து திடீரென நுழையும் இருசக்கர வண்டியைப் பார்ப்பது முக்கியம். உரிமம் வாங்கி நான்கு மாதமே ஆன ஒருவருக்கு, ஏற்றத்தில் பின்னால் வண்டி ஒட்டி நிற்கும்போது கைப்பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டர் மூன்றையும் ஒருங்கிணைப்பது மனதின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்தப் பங்கைச் சாலைக்குத் திருப்பித் தருவதுதான் ஆட்டோமேட்டிக்கின் உண்மையான பயன் என்று நான் நம்புகிறேன். மேனுவலே வாங்குவதென்றால், ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் ஓரிரு நொடிகள் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மேம்பாலப் பாதைக்கு அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஆட்டோமேட்டிக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிடும் தவறு, குறுகிய நிறுத்துமிடங்களில்தான் அதிகம் நேர்கிறது. மேனுவலில் பதற்றத்தில் கிளட்ச்சை விட்டால் பல நேரம் இன்ஜின் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் கார் பாய்ந்துவிடும். இரண்டு பெடல்களுக்கும் வலது கால் ஒன்றையே பயன்படுத்துங்கள். குதிகாலைப் பிரேக்கின் நேரே தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் வலப்புறம் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தொடுங்கள். நிறுத்துமிடத்தில் பிரேக்கைத் தளர்த்தினால் வரும் நகர்வே போதும், ஆக்சிலரேட்டர் தேவைப்படாது. இன்னொன்று: பல நாடுகளில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டி வாங்கிய உரிமத்தைக் கொண்டு மேனுவல் ஓட்ட முடியாது. உங்கள் உரிமம் எந்த வகை என்று பார்த்துவிட்டு, மேனுவல் பயிற்சி இருந்தால் அதை மறந்துவிடாமல் இடையிடையே ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை குறைவு, ஆனால் தவறக் கூடாதவை. 'கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சொல்லப்பட்டாலும், கையேட்டைத் திறந்து கடினமான பயன்பாட்டுக்கான அட்டவணையைத் தேடுங்கள். நின்று நின்று செல்லும் நகர ஓட்டம் பெரும்பாலான கையேடுகளில் அந்த வகையில்தான் வரும். அங்கே கொடுத்திருக்கும் இடைவெளி குறைவாக இருக்கும், அது எத்தனை மாதம் என்பதையும் பாருங்கள். சிவிடிக்கு அதற்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். கப்பியும் எஃகுப் பட்டையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது அந்த எண்ணெயின் தன்மையால்தான் என்பதால், வேறு எண்ணெய் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பியின் முகத்தில் கீறல் விழும், பிறகு சீரமைப்பு கிடையாது, மாற்றம்தான். நிறுத்தி வைப்பதற்கான 'பி' நிலை உள்ள ஆட்டோமேட்டிக்கைச் சரிவில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு மாற்றிக் கைப்பிரேக்கை இழுத்து, பிரேக்கைச் சற்றுத் தளர்த்திக் காரின் எடையைக் கைப்பிரேக் ஏற்றுக்கொண்ட பிறகு, மறுபடி பிரேக்கை மிதித்து 'பி' நிலைக்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவு கொக்கி ஒன்றின் மீது தொங்கும். கார் நடுவழியில் நின்றால், இன்ஜின் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெயைச் சுழற்றும் பம்பும் ஓடாது. பேட்டரி இறங்கினால் மேனுவலைப் போலத் தள்ளிக் கிளப்பவும் முடியாது.

மேனுவல் ஓட்டுபவருக்கு என் அறிவுரை இரண்டே: முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும்வரை காத்திருந்து, கிளட்ச்சை முழுமையாக விட்டு நகருங்கள், பெடல் மீது காலை ஓய்வாக வைக்காதீர்கள், அந்தச் சிறு அழுத்தமே ரிலீஸ் பேரிங்கை நாள் முழுக்கச் சுழல வைக்கும்.

பழைய காராக வாங்கும் எண்ணம் இருந்தால், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது பார்க்கச் செல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி முன்னே செல்லும் 'டி', பின்னே செல்லும் 'ஆர்' நிலைகளுக்கு மாற்றும்போது ஒரு நொடிக்குள் கார் மெல்லப் பிடிக்க வேண்டும். இரண்டு நொடி தாமதமும் பிறகு ஓர் உதையும் இருந்தால் வேண்டாம். மேனுவலில் சமதளத்தில் கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்ச்சை நிதானமாக விடுங்கள். இன்ஜின் உடனே நின்றால் தட்டு நன்றாக இருக்கிறது, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு முடிந்துவிட்டது. ஏஎம்டிக்கு அரைமணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து கிளப்பிப் பாருங்கள். அங்கே அது நடுங்கினாலோ, தயங்கிப் பிறகு துள்ளினாலோ, கிளட்ச் மாற்றும் தொகையைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.